ஒருவர் வராவிட்டாலும் வேலை நடக்க: ஆறு பேர் உள்ள அச்சகத்துக்கு ஒரு திறன் அட்டவணை

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் கட்டிய அச்சகம்தான். ஆனால் நகரத்தில் எந்த அச்சகத்துக்குள் போனாலும் இதில் பாதியையாவது காணலாம். வேலை செய்வது ஆறு பேர். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அடிக்கிறார்கள். இடையிடையே கல்வெட்டும் வரும். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், குடும்பப் படங்கள் எல்லாம் சேர்த்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம். கலியாணக் கார்ட்டுக்கு இரண்டு நாள் தவணை கேட்டுப் பார்க்கலாம். கல்வெட்டுக்கு அந்தக் கதை சரிவராது.

29ஆம் நாள் காலை, டிசைன் செய்யும் தங்கச்சிக்குக் காய்ச்சல். கல்வெட்டு முக்கால்வாசி முடிந்து கணினியில் கிடக்கிறது. புரூஃப் பார்த்த தாளில் பதினைந்து இடத்தில் சிவப்புப் பேனா. முதலாளி தொலைபேசி எடுக்கிறார்.

“பிள்ளை, அந்த ஃபைல் எங்க கிடக்கு?”

“அண்ணை, டி டிரைவில ‘நியூ 3’ எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுக்குள்ள ‘ஃபைனல் கடைசி’ எண்டு கிடக்கும். ஆனா அது இல்லை, அதுக்குக் கீழ இருக்கிறது.”

இதற்குப் பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் ஏறி வரும், அல்லது இரவு பத்து மணிக்கு ஆர் வீட்டிலோ லப்டொப்பில் வேலை நடக்கும்.

இது எப்போதாவது வரும் ஆபத்து என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கு இலங்கைச் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் தருகிறது. அச்சகத் தொழிலுக்கு விதிகள் சற்று வேறுபடலாம். அளவுகோலாக இந்த 21ஐ எடுப்போம். ஆறு பேருக்கும் 126 நாள். ஞாயிறு, போயா, மற்ற விடுமுறைகள் கழித்தால் ஆண்டில் வேலைநாள் ஏறக்குறைய 285 வரும். லீவுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால், பத்து வேலைநாளில் நாலு நாள் யாரோ ஒருவர் இல்லை. ஆறு பேரும் இருக்கும் நாளை வைத்து வேலையைத் திட்டமிட்டுவிட்டு, ஆள் குறைந்ததும் பதறுவதுதான் சிக்கல்.

பரிகாரம் இரண்டு துண்டு. ஒன்று, யாருக்கு எந்த வேலை எந்த அளவுக்குத் தெரியும் என்று ஒரு தாளில் போடுவது. அது திறன் அட்டவணை. மற்றது, அந்தத் தாள் காட்டும் ஓட்டைகளில் மோசமான சிலவற்றுக்கு மட்டும் இன்னொருவரைப் பழக்குவது. அதுதான் குறுக்குப் பயிற்சி. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நடந்த டி.டபிள்யூ.ஐ. என்ற பயிற்சித் திட்டத்திலேயே, மேற்பார்வையாளர் தன் ஆட்களின் பெயரையும் வேலைகளையும் கட்டம் போட்டு எழுதி, யாரை எதில் எப்போது பழக்குவது என்று குறிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது.

நம்முடைய அச்சகத்துக்கு வருவோம். நாலு மட்டம் போதும். 0 என்றால் தெரியாது. 1 என்றால் தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் செய்வார். 2 என்றால் தனியச் செய்வார். 3 என்றால் மற்றவருக்குப் பழக்கவும் செய்வார். சில நிறுவனங்கள் ஏழு மட்டம் வைத்து நிறமும் அடிப்பார்கள். ஆறு பேருக்கு அது வீண் வேலை.

| | ஓடர் எடுப்பது | டிசைன் | புரூஃப் | ஓஃப்செட் | வெட்டு | பைண்டிங் | பில், வங்கி |
|---|---|---|---|---|---|---|---|
| முதலாளி | 3 | 0 | 2 | 1 | 2 | 1 | 2 |
| கணக்கு அக்கா | 2 | 1 | 2 | 0 | 0 | 1 | 3 |
| டிசைன் தங்கச்சி | 1 | 3 | 1 | 0 | 0 | 1 | 0 |
| மெசின் அண்ணை | 0 | 0 | 0 | 3 | 3 | 1 | 0 |
| உதவித் தம்பி | 0 | 0 | 0 | 1 | 1 | 2 | 0 |
| பைண்டிங் அக்கா | 0 | 0 | 1 | 0 | 0 | 3 | 0 |

எண்ணை நிரப்பும்போது ஆளைக் கேட்டு மட்டும் எழுதக் கூடாது. நம்மூரில் தெரிந்தவர் “கொஞ்சம் தெரியும்” என்பார், தெரியாதவர் “அதெல்லாம் செய்யலாம்” என்பார். “கடைசியாக எப்போது, எந்த ஓடருக்கு, யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு ஓடரைச் சொல்ல முடியாவிட்டால் 2 இல்லை, 1.

இப்போது மேலிருந்து கீழே, ஒவ்வொரு நிரலாக வாசியுங்கள். 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் எத்தனை பேர்? டிசைனில் ஒருவர். ஓஃப்செட்டில் ஒருவர். மற்ற ஐந்திலும் இரண்டு பேர். அப்படியானால் ஓட்டை இரண்டுதான் என்று தோன்றும். பெரும்பாலானோர் இந்த இடத்தோடு தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இனி இடமிருந்து வலமாக வாசியுங்கள். இரண்டு பேர் இருக்கும் அந்த ஐந்து நிரலில் நாலில், இருவரில் ஒருவர் முதலாளி. ஓடர், புரூஃப், வெட்டு, பில் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். தாளில் “இரண்டு பேர்” என்று தெரிவது, அவர் ஒரு வாரம் கொழும்புக்குப் போனால் நாலு இடத்திலும் ஒன்றாகிவிடும். ஒரே ஆளை நாலு வேலைக்குத் துணை ஆளாக எண்ணுவது, கையில் இருக்கும் ஒரே காசை நாலு கடையில் காட்டுவது போன்றது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அதைத் தாள் தானாகக் காட்டாது. கணக்கு அக்கா முதலாளியின் மைத்துனி. குடும்பத்தில் ஒரு செத்தவீடு என்றால் இரண்டு பேரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். ஓடர், புரூஃப், பில் மூன்றும் அன்றைக்குச் சுழியம். யாழ்ப்பாணத்துச் சின்ன நிறுவனங்களில் இதை நான் முதல் பார்ப்பேன், ஏனென்றால் இங்கே பாதி இடங்களில் வேலை செய்பவர்கள் சொந்தக்காரர்கள், ஒரே கோயிலடி ஆக்கள், அல்லது ஒரே பஸ்ஸில் வருபவர்கள். ஒரே காரணத்தால் ஒன்றாக இல்லாமல் போகக்கூடிய இருவரை ஒருவருக்கு ஒருவர் துணை ஆளாக வைக்கக் கூடாது. அட்டவணையில் அப்படியான பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி போட்டு வையுங்கள். பிறகு நிரல்களை மறுபடி எண்ணும்போது, புள்ளி போட்ட இருவரையும் ஒருவராக எண்ணுங்கள்.

ஆக உண்மையான நிலை இதுதான்: டிசைன், ஓஃப்செட், ஓடர், புரூஃப், பில் ஐந்தும் ஒற்றைக்கால். ஐந்தையும் நிரப்பப் புறப்பட்டால் பயிற்சியே ஒரு முழுநேர வேலையாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இந்த வேலை இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா?

பில்லும் வங்கியும் இரண்டு நாள் நிற்கலாம். காசு வாங்கினால் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குப் பழக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகம் எந்த லாச்சியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தால் சரி. இன்னொரு காரணமும் உண்டு. காசு வாங்குபவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இல்லாதது நல்லது. துணை ஆள் தேடும் அவசரத்தில் எல்லாக் கதவையும் ஒருவருக்கே திறந்துவிடக் கூடாது.

ஓஃப்செட் இரண்டு நாள் நிற்க முடியாது. ஆனால் உதவித் தம்பியை 1இல் இருந்து 2க்குக் கொண்டுவருவது மாதக்கணக்கு வேலை. மையும் தண்ணீரும் சமநிலைக்கு வருவதும் நிறத்துக்கு நிறம் சரியாக விழுவதும் தாள் பார்த்துச் சொல்லி வரும் விஷயம் இல்லை. கை பழக வேண்டும். தம்பி தொடர்ந்து பழகட்டும். அதுவரைக்கும் துணை இன்னொரு அச்சகம். முன்கூட்டியே பேசி, அவர்களுடைய மெசின் எந்த அளவுப் பிளேட் எடுக்கும், எந்த அளவுத் தாள் போகும், ஆயிரத்துக்கு என்ன காசு என்று எழுதி வையுங்கள். பிளேட் அளவு பொருந்தாவிட்டால் பிளேட்டைத் திரும்ப அடிக்க வேண்டும். அது ஆள் இல்லாத நாளன்று காலை பத்து மணிக்குத் தெரியவருவது நல்லதல்ல.

வெட்டு மெசினைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தம்பிக்கு 1. ஆள் இல்லை, அவசரம் என்று 1 உள்ளவரை அதில் தனிய நிறுத்தவே கூடாது. அந்தக் கத்திக்குத் தாளும் விரலும் ஒன்றுதான். முதலாளியும் அண்ணையும் இல்லாவிட்டால் வெட்டும் வேலை மற்ற அச்சகத்துக்குப் போகட்டும்.

மிச்சம் மூன்று: டிசைன், ஓடர், புரூஃப். பயிற்சி இந்த மூன்றுக்கும்தான்.

டிசைனில் முதல் செய்ய வேண்டியது, அந்த நிரலை இரண்டாகக் கிழிப்பது. தங்கச்சி செய்வது பெரிய வேலை: பக்க அமைப்பு, அட்டைப்படம், பழைய படத்தைச் சுத்தம் செய்வது. இதையெல்லாம் இன்னொருவர் பழக வருடங்கள் ஆகும். ஆனால் 29ஆம் நாள் காலை எங்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவும் இல்லையே. முடிந்த ஃபைலைக் கண்டுபிடித்து, பதினைந்து திருத்தம் போட்டு, பிடிஎஃப் எடுத்து, பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே “புதிய டிசைன்” ஒரு நிரல், “திருத்தமும் பிடிஎஃப்பும்” இன்னொரு நிரல். முதலாவதில் ஒருவர் மட்டும் இருக்கலாம், புதிய கார்ட் இரண்டு நாள் பிந்தினால் உலகம் அழியாது. இரண்டாவதில்தான் துணை ஆள் தேவை. ‘துணை ஆள்’ என்றதும் முழு ஆளின் நகலைத் தேடுவதால்தான் பல இடங்களில் பயிற்சி தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

யாரைப் பழக்குவது? அட்டவணை கணக்கு அக்காவைக் காட்டுகிறது, டிசைனில் அவருக்கு ஏற்கெனவே 1. ஆனால் அவர் தோளில் மூன்று வேலை இருக்கிறது. நான் பைண்டிங் அக்காவைத்தான் சொல்வேன். ஃபைல் முடியாவிட்டால் அச்சடிக்க ஒன்றும் இல்லை. அச்சடிக்காவிட்டால் பைண்டிங்குக்கு ஒன்றும் இல்லை. அதாவது டிசைன் தங்கச்சி வராத நாளில் கை சும்மா இருக்கப் போவது அவர்தான். துணை ஆளைத் தெரிவு செய்யும்போது, கெட்டிக்காரர் யார் என்று பார்ப்பதற்கு முன், அந்த வேலை நின்றால் யாருக்கு வேலை இல்லாமல் போகும் என்று பாருங்கள்.

பழக்கும் முறைக்கும் டி.டபிள்யூ.ஐ. காட்டிய நாலு படி இன்றைக்கும் போதும். பழகுபவரைத் தயார்ப்படுத்துவது, செய்து காட்டுவது, அவரைச் செய்யவிட்டுப் பார்ப்பது, பிறகு தள்ளி நின்று கவனிப்பது. இதற்கு முன்னால் பழக்குபவர் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எது கவனிக்க வேண்டியது, ஏன் என்று எழுத வேண்டும். எங்கள் திருத்த வேலைக்கு அந்த ஒற்றைத் தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

முதல் துண்டு, ஃபைலைத் திறக்காமல் பிரதி எடுத்து, பிரதியின் பெயரில் அன்றைய திகதியைப் போடுவது. ஏன் என்றால், பிழைத்தால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டும். (இதோடு ‘ஃபைனல் கடைசி’ என்ற பெயர்களுக்கும் ஒரு முடிவு வரும்.) அடுத்தது எழுத்துரு. பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். திறந்ததும் ‘தமிழ்’ என்ற இடத்தில் `jkpo;` என்று கிடந்தால் ஃபைல் பழுதாகவில்லை, அந்த இடத்தில் பாமினி எழுத்துரு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுத்தைத் தெரிவு செய்து பாமினியைக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். தெரியாதவர் இதைக் கண்டு பயந்து முழுப் பந்தியையும் திரும்ப ரைப் பண்ணத் தொடங்குவார். மறுபக்கமும் உண்டு: வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யுனிகோட்டில் வரும். அதைப் பாமினிப் பெட்டிக்குள் அப்படியே ஒட்டினால் சரிவராது. மாற்றி மூலம் பாமினிக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

திருத்தம் போடும்போது, போட்ட ஒவ்வொன்றையும் புரூஃப் தாளில் சரி போட வேண்டும். எண்ணி முடித்தேன் என்ற நினைப்பில்தான் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபடும், அந்தக் குடும்பம் அதை மன்னிக்காது. பிறகு பக்க எண்ணிக்கை. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும். ஒரு பந்தி கூடி 16 பக்கம் 17 ஆகிவிட்டால், அங்கேயே நிறுத்தித் தங்கச்சிக்கு அழைப்பு எடுக்க வேண்டும். அதைத் தானே சமாளிக்கப் பார்க்கக் கூடாது. எதைச் செய்வது என்பதைப் போலவே எங்கே நிறுத்துவது என்பதும் தாளில் இருக்க வேண்டும். கடைசியில் பிடிஎஃப்: ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதல் இருக்கிறதா, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது. தங்கச்சியின் கணினியில் பாமினி இருப்பதால் அங்கே எப்போதும் சரியாகத்தான் தெரியும்.

இந்தத் தாளைத் தங்கச்சி எழுதட்டும். ஆனால் பைண்டிங் அக்கா அதைப் பார்த்து வேலை செய்து, விளங்காத இடத்தில் பேனாவால் கோடு போடட்டும். தெரிந்தவர் எழுதும் தாளில் தெரிந்தவருக்கு வெளிச்சமான விஷயம் எப்போதும் விடுபட்டிருக்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு மணித்தியாலம், உண்மையான ஓடரில் பழக்கினால் ஐந்தாறு வாரத்தில் இந்தத் துண்டு வேலை கைக்கு வந்துவிடும். காலம் பார்த்துத் தொடங்குங்கள். மார்கழியிலும் ஆடியிலும் கலியாணக் கார்ட் குறைவு. தை பிறந்த பிறகு தொடங்கினால் இரண்டாம் வாரமே “இப்ப நேரமில்லை, பிறகு பார்ப்பம்” என்று நின்றுவிடும்.

பழகியாயிற்றா என்று எப்படித் தெரியும்? தங்கச்சியை ஒரு அரைநாள் முன்மேசைக்கு அனுப்பி, “கணினிப் பக்கம் போகக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது” என்று சொல்லுங்கள். உள்ளே அக்கா ஒரு ஓடரைத் தொடக்கம் முதல் பிடிஎஃப் வரை முடிக்க வேண்டும். முதல் தடவை அநேகமாகச் சறுக்கும், பெரும்பாலும் தெரியாததால் இருக்காது. கணினியின் கடவுச்சொல் தெரியாது, அல்லது குடும்பப் படங்கள் எல்லாம் தங்கச்சியின் சொந்தத் தொலைபேசியில் வாட்ஸ்அப்புக்குள் கிடக்கும். அட்டவணையில் 2 இருந்தும் வேலை நடக்காததற்கு இதுதான் வழமையான காரணம். கடைக்கென்று ஒரு எண், ஒரு தொலைபேசி, எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஃபோல்டர் ஒழுங்கு: இவை இல்லாமல் பயிற்சி பாதிதான்.

இந்த அரைநாளில் தங்கச்சியும் சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்மேசையில் ஓடர் எடுக்கிறார். அங்கே அவருக்கு 1. கணக்கு அக்கா பக்கத்தில் இருந்து விலை சொல்லப் பழக்கினால் 2 ஆகும், செத்தவீட்டு நாளில் ஓடருக்கு ஆள் கிடைக்கும். புரூஃபுக்கு மறுபடியும் பைண்டிங் அக்கா. அவருக்கு அதில் ஏற்கெனவே 1. ஆனால் ஒரு கட்டுப்பாடு: தான் திருத்தம் போட்ட ஃபைலுக்குத் தானே கடைசிப் புரூஃப் பார்க்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. அன்றைக்குப் புரூஃப் வேறொருவரிடம் போக வேண்டும்.

ஆக இவ்வளவு பெரிய தாளில் மாறப்போவது மூன்றே பெட்டி. அந்தப் பெட்டிகளில் எண்ணோடு திகதியையும் எழுதுங்கள். மூன்று மாதம் கை வைக்காத வேலையில் 2 என்பது 2 இல்லை. மாதத்தில் ஒரு ஓடரையாவது அக்காவே முடிக்கும்படி விட்டால் அது உயிரோடு இருக்கும்.

தாளைச் சுவரில் ஒட்டுவதா? ஒட்டலாம், ஆனால் ஒவ்வொருவரின் எண்களையும் குறுக்கே கூட்டி மொத்தம் போட்டுவிடாதீர்கள். போட்டால் அது றிப்போட் கார்ட் ஆகிவிடும். பைண்டிங்கை முப்பது வருடம் செய்த ஒருவர், ஏழு வேலையில் அரைகுறை தெரிந்தவரைவிடக் குறைந்த புள்ளியோடு நிற்பார். இன்னொரு பயமும் வரும்: “என்ரை வேலையை மற்றவைக்குப் பழக்கிவிட்டா என்னை ஏன் வச்சிருப்பினம்?” இதற்கு வாயால் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. பழக்கியவருக்கும் பழகியவருக்கும் சம்பளத்தில் ஏதாவது கூட வேண்டும். அதோடு பழக்கியவருக்கு லீவு கேட்கும்போது “இப்ப எப்படி?” என்ற முகச்சுளிப்பு இல்லாமல் லீவு கிடைக்க வேண்டும். தங்கச்சிக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படும் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடு தாங்கும் நீளத்துக்கும் எல்லை உண்டு. காய்ச்சல், செத்தவீடு, ஒரு வாரக் கதிர்காம யாத்திரை வரைக்கும் தாங்கும். தங்கச்சி பிள்ளைப்பேற்று லீவில் போனால் அது 84 நாள். பைண்டிங் அக்காவால் அத்தனை நாள் இரண்டு வேலையும் இழுக்க முடியாது, புதிய டிசைனும் நிற்கும். அப்போது தற்காலிகமாக ஆள் எடுக்கத்தான் வேண்டும். அட்டவணை அங்கேயும் ஒரு உதவி செய்யும்: எடுக்கும் ஆளுக்குப் புதிய டிசைன் தெரிந்திருந்தால் போதும், திருத்தமும் பிடிஎஃப்பும் கடை ஒழுங்குப்படி எப்படி என்பதை முதல் வாரம் பைண்டிங் அக்காவே அந்த ஒற்றைத் தாளை வைத்துக் காட்டிக் கொடுப்பார்.